பெயரையும் விலையையும் நீக்கிப் பாருங்கள்

சமூக ஊடகத்தில் பொருள் விற்பவர்கள், தங்கள் கடைசி 10 பதிவுகளிலிருந்து பொருளின் பெயரையும் விலையையும் நீக்கிய பிறகும் படிப்பவருக்குப் பயனோ மகிழ்ச்சியோ மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். மிஞ்சாதவை அனைத்தும் விளம்பரங்களே. தோல் பை விற்பவர், நனைந்த தோலை வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தும் முறையை விளக்கிவிட்டு, இறுதியில் ‘எங்கள் பையை வாங்குங்கள்’ என்று முடித்தால், அந்தப் பாடமும் விற்பனையாகவே நினைவில் நிற்கும். அந்த வரியை நீக்கிவிட்டு, பட்டறையில் பை உருவாகும் காணொளியை அடுத்து இட்டு, அதன் பின்னரே விலையுடன் கூடிய பதிவை வெளிப்படையாக இடலாம். பத்தில் இரண்டு அல்லது மூன்று விற்பனைப் பதிவுகள் போதும் என்பது என் கணிப்பு. தள்ளுபடி நாட்களில் சற்றுக் கூடலாம். விற்பனைப் பதிவுகளை ஒட்டியே பின்தொடர்வோர் விலகினால், அளவு மீறிவிட்டது என்று அறியலாம்.