பிள்ளை நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னால் அடுத்த வசனம் யாருடையது?

நோர்வேயில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பெற்றோர் கொண்டுவரும் முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான்: "நாங்கள் தமிழிலதான் கதைக்கிறம், பிள்ளை நோர்வேஜிய மொழியிலதான் பதில் சொல்லுது."

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 1,899 குடும்பங்களை ஆராய்ந்து அனிக் டி ஹௌவர் என்ற ஆய்வாளர் 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீட்டில் இன்னொரு மொழியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் அந்த மொழியைப் பேசவில்லை. பெற்றோர் இருவரும் வீட்டுமொழியைப் பேசி, ஒருவராவது பள்ளிமொழியை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருந்த குடும்பங்களில்தான் மொழி நன்றாகத் தங்கியது.

முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. பிள்ளை பார்னேஹாகே என்கிற பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், "அங்க கஷ்டப்படக் கூடாது" என்று அம்மாவும் அப்பாவும் வீட்டிலேயே நோர்வேஜிய மொழிக்கு மாறிவிடுவார்கள். நாள் முழுக்க அந்த மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்களோடு இருக்கிற பிள்ளைக்கு, நாங்கள் வேலையிடத்தில் பொறுக்கிய வசனங்களால் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது. அம்மா தமிழில் பத்துவிதமாகச் சொல்லக்கூடிய ஒன்றை, நோர்வேஜிய மொழியில் ஒரேயொரு விதமாகத்தான் சொல்ல முடிகிறது. அப்படிப் பேச்சு சுருங்குவதுதான் நட்டம்.

இரண்டாவது தவறு கண்ணுக்கே தெரியாது. நாலரை வயதுப் பிள்ளை ஒன்று வீட்டுக்கு வந்து, பால் வேணும் என்பதை நோர்வேஜிய மொழியில் "யாய் வில் ஹா மெல்க்" என்கிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் பாலை ஊற்றிக் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு இப்படி முப்பது தடவை நடந்தால், தமிழ் கேட்பதற்கு மட்டும்தான், சொல்லத் தேவையில்லை என்று பிள்ளை விளங்கிக்கொள்கிறது.

இந்த இடத்தில் பெற்றோர் செய்யக்கூடியவற்றை எலிசபெத் லான்சா என்ற மொழியியலாளர் ஐந்தாகப் பிரித்தார். அவர் ஆராய்ந்ததும் நோர்வேயில்தான், அமெரிக்கத் தாய்மாரின் பிள்ளைகளை. விளங்காத மாதிரி "என்ன?" என்று கேட்கலாம். "பாலா வேணும்?" என்று ஊகித்துக் கேட்கலாம். "ஓ, பால் வேணுமா" என்று தமிழில் திருப்பிச் சொல்லலாம். கவனிக்காமல் கதையைத் தொடரலாம். இல்லையென்றால் நாமும் மொழி மாறலாம். முதல் வழி பிள்ளையிடமிருந்து தமிழை அதிகம் எதிர்பார்க்கிறது, கடைசி வழி ஒன்றையுமே எதிர்பார்ப்பதில்லை.

அதற்காக எல்லாரும் முதலாவதையே பிடித்துக்கொள்ள வேண்டாம். நேற்று ஆசிரியையோடு நீங்கள் நோர்வேஜிய மொழியில் சிரித்துக் கதைத்ததைப் பிள்ளை பார்த்திருக்கும். இன்று விளங்காத மாதிரி நடித்தால் கோபம்தான் வரும். பால் ஊற்றிக் கொடுத்த அந்த அம்மாவுக்கு இரண்டாவதைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். "பாலா வேணும், தண்ணியா வேணும்?" என்று கேட்டால் வெறும் தலையாட்டல் போதாது, ஒரு சொல் வந்தே ஆக வேண்டும். "பால்" என்று வந்ததும் கொடுத்துவிட வேண்டும், முழு வசனத்துக்குக் காத்திருக்கக் கூடாது. களைத்து அழுகிற நேரமென்றால் திருப்பிச் சொல்வதோடு விட்டுவிடலாம்.

மூன்றாவது தவறு, வீட்டுத் தமிழ் "சாப்பிடு, குளி, படு" என்பதோடு நின்றுபோவது. பள்ளியில் நீர் ஆவியாவதைப் படிக்கிற பிள்ளையிடம் கேத்திலைக் காட்டி, தண்ணீர் எங்கே போகிறது, மூடியில் துளி எப்படி வந்தது என்று கேளுங்கள். விஷயம் தமிழில் விளங்கிவிட்டால் பள்ளியில் அதற்கான பெயரை மட்டும் பிடித்தால் போதும். இடையில் ஒரு நோர்வேஜியச் சொல் வந்தால் வரட்டும், வசனம் தமிழாக இருந்தால் சரி.

புதுப் பார்னேஹாகேயில் சில மாதம் வாயே திறக்காத பிள்ளைகள் உண்டு. விளையாடுகிறது, சொன்னதைச் செய்கிறது, வீட்டில் தமிழில் வயதுக்கேற்பப் பேசுகிறது என்றால் அந்த மௌனத்துக்கு இரண்டு மொழியைக் குற்றம் சொல்ல வேண்டாம். இரண்டரை வயதாகியும் தமிழிலேயே இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் "ரெண்டு மொழிதானே, பிந்தும்" என்று இருந்துவிடாமல், பிள்ளைகளின் உடல்நலம் பார்க்கும் நிலையமான ஹெல்சேஸ்தாசூனில் கேளுங்கள். இரு மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். நோர்வேஜியச் சொற்களை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைக்கும்.

கடைசித் தவறு எங்களுடையது, தமிழ் ஆசிரியர்களுடையது. ஒரு பையன் "நான் நேற்று கடைக்குப் போனனான்" என்றான். "சென்றேன் என்று சொல்" என்று திருத்தினேன். அவன் சொன்னது அவனுடைய அம்மம்மா பேசும் யாழ்ப்பாணத் தமிழ், அதில் பிழையே இல்லை. அன்றைக்கு முழுக்க அவன் என்னோடு நோர்வேஜிய மொழியில்தான் பேசினான். இப்போது "போனனான்" என்று கதைக்க விடுகிறேன், "சென்றேன்" என்பதைக் கொப்பியில் எழுதும்போது சொல்லிக் கொடுக்கிறேன்.