‘விரைவில்’ போன கதை

ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டதாகப் புகார் எழுதும் வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் அனுப்பிவந்த பதில்: “சிரமத்திற்கு வருந்துகிறோம். புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. விரைவில் தீர்வு காணப்படும்.” மறுநாளே “எப்போது?” என்று எழுதுவார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? ஆளும் இல்லை, தேதியும் இல்லை; எல்லாம் ‘பட்டுள்ளது’, ‘படும்’.

மன்னிப்பை உருக்கமாக்கிப் பார்த்தேன், எரிச்சல்தான் கூடியது. பிறகு இப்படி மாற்றினேன்: “ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் எடுத்துவிட்டோம், தவறு எங்களுடையது. இரண்டாவது தொகையை இன்று திருப்பி அனுப்பிவிட்டேன். பரிவர்த்தனை எண் ____. ____ தேதிக்குள் வராவிட்டால் இதே மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுங்கள், நானே வங்கியிடம் கேட்கிறேன்.”

பணத்தை உண்மையில் அனுப்பாமல் அந்த எண்ணை நிரப்ப முடியாது. சக ஊழியர்கள் முதலில் முணுமுணுத்தது அதற்காகத்தான். “எப்போது?” கடிதங்கள் மட்டும் அருகிவிட்டன.