எல்லையோரக் கடைக்காரர் பில்லில் என்ன எழுதலாம், ஜிஎஸ்டி பதிவு எப்போது எடுக்கணும்?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கடை வைத்திருக்கும் நம் ஆட்கள் பலர், வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி என்று இருக்கிறார்கள். பொருள் மட்டும் விற்று, கேரளத்துக்குள்ளேயே விற்கும் வரை அது சரி. எல்லை தாண்டினால் கணக்கே வேறு.

1. பில் புக்

மேலே "பில்" அல்லது "கேஷ் பில்" என்று மட்டும் அச்சடியுங்கள். "டாக்ஸ் இன்வாய்ஸ்" வேண்டாம். கடைப் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, பொருள், அளவு, விலை, மொத்தம் போதும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று தனி வரி போடவே கூடாது. பதிவில்லாமல் வரி என்று வாங்கினால் அந்தப் பணத்தை அரசுக்குக் கட்டியாக வேண்டும், அபராதமும் வரும். அடியில் "ஜிஎஸ்டி பதிவு இல்லை, வரி வசூலிக்கப்படவில்லை" என்று ஒரு வரி இருந்தால் ஜிஎஸ்டி பில் கேட்பவரிடம் பேச்சு வளராது.

2. வாங்குபவர் முகவரி

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்கு விற்கும்போது, பில்லில் எழுதிய முகவரி எந்த மாநிலமோ அங்கே விற்றதாகத்தான் 2023 அக்டோபர் முதல் சட்டம் பார்க்கிறது. மாநிலப் பெயர் மட்டும் எழுதினாலும் அதே கதைதான். முகவரி எழுதாவிட்டால் உங்கள் கடை இருக்கும் இடமே கணக்கு. ஆகவே கல்லாவில் காசு கொடுத்து, கையோடு எடுத்துப் போகிறவருக்கு "பொள்ளாச்சி, தமிழ்நாடு" என்று பழக்கத்தில் எழுதிவைக்காதீர்கள். ஜிஎஸ்டி எண் உள்ளவருக்கு இந்த விதி பொருந்தாது. அவர் விஷயத்தில் சரக்கு எங்கே போய்ச் சேருகிறது என்றுதான் பார்ப்பார்கள்.

3. எல்லை தாண்டும் ஆர்டர்

பாத்திரக் கடை ஒன்று, வருஷ விற்பனை 22 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சி டீக்கடைக்காரர் 18,000 ரூபாய்க்குப் பாத்திரம் கேட்கிறார், கோபாலபுரம் வழியாக ஆட்டோவில் அனுப்பச் சொல்கிறார். வரி உள்ள பொருள் வேறு மாநிலம் போகிறது. தொகை எவ்வளவானாலும் பதிவு கட்டாயம், 40 லட்சம் இங்கே உதவாது. தேங்காய், காய்கறி போல வரியே இல்லாத பொருள் மட்டும் விற்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

சம்மதிக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். பதிவு எடுத்தால் அந்த ஆர்டருக்கு மட்டுமல்ல, உள்ளூரில் விற்கும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரி போடணும். குறைந்த வரியுள்ள காம்போசிஷன் திட்டமும் கிடைக்காது, ஏனென்றால் அதில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கக்கூடாது. வருஷம் முழுக்க அங்கிருந்து ஆர்டர் வரும் என்றால் எடுக்கலாம். ஒரே ஆர்டருக்காக என்றால், என் கருத்தில், வேண்டாம்.

4. 40 லட்சத்தை எண்ணுவது

ஏப்ரல் 1 முதல் மொத்த விற்பனையைக் கூட்டுங்கள். வரியில்லாப் பொருளும், அதே பான் எண்ணில் உள்ள இன்னொரு கடையும் சேரும். ரிப்பேர் போல சேவையும் செய்தால் வரம்பு 20 லட்சம்தான்.

தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் gst.gov.in தளத்தில் விண்ணப்பியுங்கள், கட்டணம் இல்லை. அப்படிச் செய்தால் கையிருப்புச் சரக்குக்கு நீங்கள் ஏற்கனவே கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். அதற்குக் கொள்முதல் பில் வேண்டும், அது ஒரு வருஷத்துக்கு உட்பட்டதாகவும் இருக்கணும். மொத்த வியாபாரி தரும் பில்லை இப்போதிருந்தே தேதிவாரியாகக் கோத்துவையுங்கள்.