மாடிப்படி விளக்கை 52 விநாடியில் அணைக்கும் 555 ஐசி

மதுரை சிம்மக்கல்லில் எங்கள் பழைய வீட்டின் மாடிப்படி பகலிலும் இருட்டு. பொத்தானை அமுக்கினால் சிறிது நேரம் எரிந்து தானே அணையும் எல்.இ.டி. ஒன்றை அங்கே மாட்டியிருக்கிறேன். 9 வோல்ட் பேட்டரியும் ஒரு 555 ஐசியும் போதும். 1971இல் ஹான்ஸ் கேமென்சிண்ட் வடிவமைத்த ஐசி இது.

இதற்குள் கடிகாரம் கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பதுதான் இதன் வேலை. உள்ளே இருக்கும் மூன்று சம ரெசிஸ்டர்கள் 9 வோல்ட்டைப் பங்கிட்டு, 3 வோல்ட்டிலும் 6 வோல்ட்டிலும் இரண்டு கோடுகள் போடுகின்றன. பேட்டரி தளர்ந்தால் கோடுகளும் இறங்கும், நிரம்பும் வேகமும் அதே விகிதத்தில் குறையும். அதனால் நேரம் அநேகமாக மாறுவதில்லை.

முதலில் ஒற்றைத் துடிப்பு. 1ஆம் காலை பேட்டரியின் எதிர்முனையிலும், 4, 8ஆம் கால்களை நேர்முனையிலும் இணையுங்கள். 6, 7ஆம் கால்களை ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து நேர்முனைக்கு 470 கிலோ ஓம் ரெசிஸ்டரும், எதிர்முனைக்கு 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் வையுங்கள். 2ஆம் காலிலிருந்து நேர்முனைக்கு 10 கிலோ ஓம், எதிர்முனைக்குப் பொத்தான். 3ஆம் காலிலிருந்து 470 ஓம் வழியாக எதிர்முனைக்கு எல்.இ.டி.

பொத்தான் 2ஆம் காலை 3 வோல்ட்டுக்குக் கீழே இழுத்ததும் விளக்கு எரியும், கெப்பாசிட்டர் 0 வோல்ட்டிலிருந்து நிரம்பத் தொடங்கும். 6 வோல்ட்டைத் தொட்டதும் விளக்கு அணைந்து, 7ஆம் கால் கெப்பாசிட்டரைக் காலி செய்துவிடும்.

```
t = 1.1 × R × C = 1.1 × 470000 × 0.0001 ≈ 52 s
```

பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருநாள் பொத்தானை விடாமல் அமுக்கி நின்றான். 52 விநாடி கடந்தும் விளக்கு அணையவில்லை. 2ஆம் கால் தாழ்ந்திருக்கும் வரை அது அப்படித்தான்.

எனக்கு முதலில் கிடைத்தது 70 விநாடி. காரணம் பழைய கெப்பாசிட்டரின் கசிவு. 6 வோல்ட்டை நெருங்கும்போது 470 கிலோ ஓம் வழியே வருவது 6 மைக்ரோ ஆம்பியர் சொச்சம்தான். அதில் ஒன்றிரண்டு கசிந்தாலே நேரம் நீளும். ரெசிஸ்டரை 10 மெகா ஓம் ஆக்கினால் 6 வோல்ட்டை எட்டாமலே போகலாம். கெப்பாசிட்டரில் மல்ட்டிமீட்டரை வைத்து அளந்தாலும் மீட்டரே கொஞ்சம் உறிஞ்சிவிடும். ஆகவே கைக்கடிகாரத்தை நம்புங்கள்.

அடுத்தது தானாக மின்னும் முறை. பொத்தானையும் அதன் ரெசிஸ்டரையும் கழற்றுங்கள். 6, 7ஆம் கால்களைப் பிரித்து, 2, 6ஆம் கால்களைச் சேர்த்து, அதே கெப்பாசிட்டரை அங்கே விடுங்கள். 470 கிலோ ஓமுக்குப் பதிலாக நேர்முனைக்கும் 7ஆம் காலுக்கும் இடையே 10 கிலோ ஓம், 7க்கும் 6க்கும் இடையே 68 கிலோ ஓம். இப்போது கெப்பாசிட்டர் முழுதும் காலியாவதில்லை, 3க்கும் 6க்கும் இடையே ஏறி இறங்குகிறது. அதனால் 1.1 போய் 0.693 வருகிறது.

```
எரிவது:    0.693 × 78000 × 0.0001 ≈ 5.4 s
அணைவது: 0.693 × 68000 × 0.0001 ≈ 4.7 s
```

நிரம்புவது இரண்டு ரெசிஸ்டர் வழியே, வடிவது ஒன்றின் வழியே. எனவே எரியும் நேரமே எப்போதும் கூடுதல். சமமாக்க 10 கிலோ ஓமை எடுத்துவிட்டு வெறும் கம்பி போட நினைக்காதீர்கள், 7ஆம் கால் பேட்டரியை நேரே எதிர்முனையோடு இணைத்துவிடும்.

பேட்டரியை மாட்டிய உடன் வரும் முதல் மின்னலை மட்டும் கவனியுங்கள். அப்போது கெப்பாசிட்டர் 0 வோல்ட்டிலிருந்து புறப்படுவதால், அந்த ஒன்று மட்டும் 8.6 விநாடி எரியும்.