100 லைக்குக்கு 1 மேட்ச்: கணக்கு எங்கே பிசகுகிறது

டேட்டிங் ஆப்பில் புதிதாகச் சேர்கிறவர்கள் மங்கலான போட்டோ போடுவதும், தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விடுவதும் பெரிய விஷயமில்லை. நண்பர் யாராவது பார்த்துச் சொன்னால் ஒரே நாளில் சரியாகிவிடும். யார் சொல்லியும் சரியாகாத தவறு ஒன்று இருக்கிறது. இங்கே பேச வேண்டியது அதைத்தான்.

மேட்சை லைக்கால் வகுத்துத் தனக்கு மார்க் போடுவது

நாம் லைக் போட்டவர் நமக்கும் லைக் போட்டால்தான் மேட்ச். ஒரு வாரத்தில் 100 லைக் போட்டேன், 1 மேட்ச் வந்தது, ஆக 99 பேருக்கு என்னைப் பிடிக்கவில்லை. படித்தவர்கள்கூட இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். எரிச்சல் என்னவென்றால், இதில் வகுக்கிற எண்ணே தவறு.

கிருஷ்ணகிரி டவுனில் இருக்கும் 27 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உள்ளூரில் புரொஃபைல்கள் கொஞ்சம்தான் என்பதால் தூரத்தை 100 கிலோமீட்டர் என்று வைக்கிறார். உடனே பெங்களூரு முழுக்க அவர் திரையில் வந்து கொட்டுகிறது. அவர் போட்ட 100 லைக்கில் 80 அங்கே போனதாக வைப்போம். அந்த 80 பேரில் 60 பேர் தங்கள் பக்கம் 30 கிலோமீட்டர் என்று வைத்திருந்தால், இவருடைய புரொஃபைல் அவர்கள் முன்னால் வரவே வாய்ப்பு குறைவு. இவர் அவர்களைப் பார்க்கிறார், அவர்கள் இவரைப் பார்ப்பதில்லை. மொத்த 100-ல் மிச்சம் 40. அதில் பாதிப் பேர் ஆப்பை போனில் வைத்திருந்தாலும் அந்த வாரம் திறக்கவில்லை. மிச்சம் 20. அந்த 20 பேருக்கும் ஏற்கெனவே லைக்குகள் குவிந்து கிடக்கின்றன. இவருடைய முறை வரும்வரை தள்ளிப் பார்த்தவர்கள் 8 பேர். அதில் ஒருவர் சம்மதித்தார்.

எண்கள் உதாரணத்துக்கு வைத்தவை. ஆனால் வடிகட்டல் இப்படித்தான் நடக்கிறது. 100-ல் 1 என்று அவர் அழுதது உண்மையில் 8-ல் 1. அந்த 8 எத்தனை என்று ஆப் ஒருபோதும் சொல்லாது. தெரியாத எண்ணால் எதையும் வகுக்க முடியாது.

மிச்சம் 7 பேரும் ஒரு போட்டோவையும் தூரத்தையும் ஒரு நொடி பார்த்துவிட்டுத் தள்ளியவர்கள். அவருடைய பேச்சையோ, வேலையையோ, வீட்டில் அவர் நடந்துகொள்கிற விதத்தையோ யாரும் எடை போடவில்லை.

ஊர் மட்டும் காரணமும் அல்ல. 2016-ல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிண்டர் என்ற டேட்டிங் ஆப்பில் சோதனைக்காகப் புரொஃபைல்கள் போட்டுப் பார்த்தார்கள். ஆண் புரொஃபைல்கள் போட்ட லைக்கில் 100-க்கு ஒன்றுகூட மேட்சாகத் தேறவில்லை. பெண் புரொஃபைல்களுக்கு 100-க்குச் சுமார் 10 தேறியது. ஆண்கள் அள்ளித் தெளிப்பதும் பெண்கள் பொறுக்கி எடுப்பதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. மாங்காய் வரத்து கூடின நாளில் மண்டியில் விலை இறங்கினால், காய் கெட்டுப்போச்சு என்று யாரும் சொல்வதில்லை.

தெரிந்தும் மனசு ஏன் வாடுகிறது

சுயமதிப்பு என்பது, மற்றவர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்று காட்டும் மீட்டர் முள் மாதிரி என்று உளவியலாளர் மார்க் லியரி 1990-களில் விளக்கினார். முகம் தெரிந்த பத்து இருபது பேருக்கு நடுவில் அந்த முள் ஓரளவு சரியாகவே காட்டும். ஆப்பில் வருவது வெறும் மௌனம். அதையும் அது 'ஒதுக்கிவிட்டார்கள்' என்றே படிக்கிறது. அதனால் வாடுவது பலவீனமில்லை. வாட்டத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் பிசகு.

அதைப் பிரிக்க ஒரு வழி எழுதிப் பார்ப்பது. 'இந்த வாரம் 1 மேட்ச்' என்பது நடந்தது. 'என்னை யாருக்கும் பிடிக்காது' என்பது நாம் ஒட்டிக்கொண்டது. ஒரு தாளில் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். இரண்டாவது பத்தியில் இருப்பதை அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவரோ அக்காவோ ஒப்புக்கொள்வார்களா என்று கேளுங்கள்; அவர்கள் உங்களை வருடக்கணக்கில் பார்த்தவர்கள்.

ராத்திரி படுக்கையில் திறப்பது

களைப்பில் பார்க்கிற பூஜ்யம் பெரிதாகத் தெரியும். நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிட்டு, சாயங்காலம் ஒரு தடவை 15 நிமிடம் போதும். தூரத்தை முதலில் 50 கிலோமீட்டருக்குக் குறையுங்கள். எண்ணிக்கை இன்னும் விழும். ஆனால் வருகிறவர் ஓசூரிலோ தர்மபுரியிலோ டீ குடிக்க வரக்கூடியவராக இருப்பார். ஒரு மாற்றம் செய்தால் 4 வாரம் விட்டுத்தான் அடுத்தது.

வருகிற எல்லோருக்கும் லைக்

வேண்டாம்.

அக்கவுண்டை அழித்து மறுபடி தொடங்குவது

புது அக்கவுண்டும் அதே கிருஷ்ணகிரியில்தான் இருக்கும்.

ஆப்பை மூடியும் வாட்டம் விடாதபோது அதை ஆப் விஷயமாகவே நினைப்பது

தூக்கமோ பசியோ கெட்டு, வேலையில் மனம் ஒட்டாமல் இரண்டு வாரம் போனால், அது மேட்ச் பிரச்சினை இல்லை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. நேரில் போக வேண்டுமானால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே அழையுங்கள்.