தென்னந்தடியை எடை பார்த்து வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் காய்ப்பு ஓய்ந்த தென்னையை வெட்டினால், தடியைக் கழுக்கோலுக்கோ தூணுக்கோ அறுக்கலாமா என்ற பேச்சு உடனே வந்துவிடும். அப்போது பலரும் செய்வது, அறுத்த துண்டைக் கையில் தூக்கிப் பார்ப்பது. கனமாக இருந்தால் நல்ல தடி என்று முடிவு. இங்கேதான் முதல் தவறு நடக்கிறது.

பச்சைத் தென்னந்தடியில் கனத்தைத் தருவது பெரும்பாலும் தண்ணீர். ஒரே மரத்தின் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம், 20 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஓரத்துண்டில் 375 கிராம் மரமும் அதன் எடையில் பாதி அளவு தண்ணீரும் இருந்தால், பச்சையில் 560 கிராம் காட்டும். நடுத்துண்டில் மரம் 125 கிராம்தான், ஆனால் தண்ணீர் அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். அதுவும் 500 கிராம் காட்டும். கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். காய்ந்த பிறகுதான் ஒன்றுக்கு ஒன்று மூன்று மடங்கு என்பது வெளிப்படும். அதனால் நீள அகலத்தைப் பச்சையிலேயே அளந்து வையுங்கள், ஏனென்றால் நடுப்பகுதி காயும்போது சுருங்கி ஒடுங்கிவிடும். பிறகு எடை இறங்குவது நிற்கும்வரை காயவைத்து நிறுங்கள். அந்த எடையைப் பச்சையில் அளந்த கன அளவால் வகுத்தால் அடர்த்தி வரும். மேலே சொன்ன துண்டுகளுக்கு அப்படிக் கிடைப்பது கன மீட்டருக்கு 750 கிலோவும் 250 கிலோவும்.

வெட்டுமுகத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும். ஓரத்தில் கருத்த நார்ப்புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். நடுவே வெளுத்த சோற்றுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும்.

அடுத்த தவறு, எடை மூன்றில் ஒன்றானால் வலுவும் மூன்றில் ஒன்றாகத்தான் குறையும் என்று கணக்குப் போடுவது. மரமும் தெர்மாகோலும் சுவர் வைத்த அறைகளால் ஆனவை. மொத்தப் பொருளின் அடர்த்தியை அந்தச் சுவரின் அடர்த்தியால் வகுத்தால் வருவது சார்பு அடர்த்தி. (தண்ணீரோடு ஒப்பிடும் ஒப்படர்த்தி வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) மரத்தின் அறைச்சுவர் எந்த மரமானாலும் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1500 கிலோ. ஆக நம் ஓரத்துண்டுக்கு 0.5, நடுத்துண்டுக்கு 0.17.

சாதாரண மரத்தில் நார் ஓடும் திசையிலேயே பாரம் வந்தால், சுவர்கள் நேராக அழுத்தத்தைத் தாங்கும். அப்போது விறைப்பும் நொறுங்கும் வலுவும் சார்பு அடர்த்தியோடு நேர்விகிதத்தில்தான் குறையும். தென்னையும் பனையும் அப்படி இல்லை. அவற்றில் அடர்த்தி கூடுகிற இடத்தில் சுவரின் தரமும் மாறுகிறது: படலம் படலமாகச் சுவர் தடித்து, அதிலுள்ள செல்லுலோஸ் இழைகள் தண்டின் நீளவாக்கில் இன்னும் ஒழுங்காக அமைகின்றன. மத்திய அமெரிக்காவில் இதே குடும்பத்து மரம் ஒன்றில் அளந்தபோது, வலு அடர்த்தியின் இருமடியாகவும், விறைப்பு அதைவிட வேகமாகவும் மாறியது. தென்னையில் இதே அளவு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் நேர்விகிதக் கணக்கு நம்மை ஏமாற்றும். இருமடி என்று வைத்தால், நடுத்துண்டின் வலு ஓரத்துண்டில் ஒன்பதில் ஒரு பங்குதான். அதைத் தூணாக நிறுத்தக் கூடாது.

தெர்மாகோலிலும் இதே சங்கதிதான். கன மீட்டருக்கு 15 கிலோ ரகம் பத்து சதவீதம் அமுங்க, சதுர செ.மீ.க்குச் சுமார் 0.7 கிலோ பாரம் போதும். 29 கிலோ ரகத்துக்கு ஏறக்குறைய 1.76 கிலோ வேண்டும். எடை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வலு இரண்டரை மடங்கு. சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ மீன்பெட்டி அடுக்குகிறவர்கள், அடிப்பெட்டி நசுங்கினால் மூடியைத் தடிமனாக்கினால் சரியாகும் என்று நினைப்பதுண்டு. தடிமன் கூடுவதால் நொறுங்கும் அழுத்தம் மாறாது. அடர்த்தி கூடிய ரகம்தான் வேண்டும்.

மூன்றாவது, திசையை மறப்பது. நாருக்குக் குறுக்கே பாரம் வரும்போது அறைச்சுவர்கள் நேராகத் தாங்காமல் வளைகின்றன. சுவரின் தடிமன் பாதியானால் வளைவுக்கான விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். அதனால் மரத்தின் குறுக்கு விறைப்பு சார்பு அடர்த்தியின் மும்மடியோடும், குறுக்கே நசுங்கும் வலு இருமடியோடும் போகிறது. தூணாக நன்றாக நின்ற தடி, உத்திரமாகக் கிடக்கும்போது சுவர்மேல் உட்காரும் இடத்தில் நசுங்குவது இதனால்தான். அந்த இடத்தில் அடிப்பக்கம் பள்ளம் விழுந்து, நார்கள் பக்கவாட்டில் பிதுங்கி நின்றால் நசுங்கல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நடுப்பாகம் கொஞ்சமும் தொய்யாமல் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். ஓரத்தடியாகப் பார்த்துப் போட்டு, உத்திரம் சுவரில் உட்காரும் நீளத்தைக் கூட்டினால், அதே பாரம் அதிகப் பரப்பில் பரவும்.