வத்தல் பொடி, மஞ்சள் பொடி: தம்ளர் தண்ணீரை நம்பி மூட்டை வாங்காதீர்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் மிளகாய் வத்தல், மல்லி, மஞ்சள் அரைத்து விற்கிறேன். புதிதாக மெஸ், ஊறுகாய் என்று ஆரம்பிக்கிறவர்கள் வந்து கேட்கிற கேள்வியும் செய்கிற தப்பும் பெரும்பாலும் ஒன்றுதான். பளபளவென்று சிவந்திருக்கிற பொடியை வாங்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். அவர்கள் நம்பி ஏமாறுகிற பேச்சுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தண்ணீரில் சாயம் இறங்கவில்லை, அப்படியானால் சுத்தம்

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். தம்ளர் தண்ணீரில் வத்தல் பொடியைத் தூவி, சிவப்புக் கோடு கோடாகக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனைதான். இறங்கினால் தண்ணீரில் கரையும் சாயம் இருக்கிறது, அதோடு அந்தக் கடையை மறந்துவிடலாம். இறங்காவிட்டால்? ஒன்றும் நிரூபணமாகவில்லை. வத்தல் பொடியில் கலக்கிற சாயங்களில் பேர்போனது சூடான் சிவப்பு, அது எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. 2003இல் ஐரோப்பாவில் இந்திய வத்தல் பொடி மாட்டியதும், 2005இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றதும் இந்தச் சாயத்தால்தான்.

சரி, எண்ணெயில் போட்டுப் பார்க்கலாமே என்பார்கள். வத்தலின் சொந்தச் சிவப்பும் எண்ணெயில்தான் இறங்கும், தாளிக்கும்போது பார்க்கிறோமே. அதனால் வீட்டில் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை, ஆய்வகம்தான் சொல்லும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஊறுகாய் போட ஆரம்பித்தான். உதிரியாக ஒரு மூட்டை வத்தல் பொடி வாங்கினான், தம்ளர் சோதனையும் செய்தான், தண்ணீர் தெளிவாக நின்றது. வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் ஆய்வக அறிக்கை கேட்டபிறகுதான் சூடான் இருப்பது தெரிந்தது. போட்ட மாங்காய், நல்லெண்ணெய் எல்லாம் குழிக்குள் போனது. பொடியின் விலையை விட அதுதான் பெரிய நஷ்டம்.

தண்ணீர் காட்டாததை விலை காட்டியிருக்கும். ஒரு கணக்குக்கு வத்தல் கிலோ 250 ரூபாய் என்று வையுங்கள். 10 கிலோ 2500. காம்பு கிள்ளி, வெயிலில் காயப்போட்டு அரைத்தால் 9 கிலோ கிடைத்தால் அதிகம். கூலி 200 சேர்த்தால் கிலோ 300 அடக்கம், இதில் பாக்கெட் செலவும் லாபமும் இன்னும் வரவில்லை. பொடியை 240க்கு ஒருவர் தருகிறார் என்றால் கையை விட்டா தருகிறார்? தவிடோ பழைய சப்பை வத்தலோ உள்ளே போயிருக்கும், அது வெளுத்துத் தெரியாமலிருக்கத்தான் சாயம். தம்பி அன்றைய வத்தல் விலையைக் கேட்டிருந்தாலே போதும்.

மஞ்சளில் ஆசிட் விட்டதும் சிவந்தது, கலப்படம்!

நல்ல மஞ்சளும் கடும் ஆசிட்டில் சிவக்கும். தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்த பிறகும் அந்த ரோஸ் நிறம் போகாமல் நின்றால்தான் மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்தைச் சந்தேகிக்க வேண்டும். பாத்ரூம் ஆசிட்டை வைத்து அடுக்களையில் இதைச் செய்யவும் வேண்டாம். சுண்ணாம்பு போட்டால் ஆலத்தித் தண்ணீர் மாதிரி சிவக்கிறதே என்று நிம்மதி அடைவதும் தப்பு. அதில் மஞ்சள் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், வேறு எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை.

முழு விரலி மஞ்சள் வாங்கினால் கவலையில்லை

பாதி உண்மை. விரலியை மெருகேற்றும்போது மேலே ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசுகிற பழக்கம் உண்டு. ஈரக்கையால் தேய்த்ததும் திட்டுத் திட்டாக மஞ்சள் ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். மெருகேற்றாத, சொரசொரப்பான, மங்கலான விரலியையே கேளுங்கள்.

நாக்கில் வைத்துப் பார்ப்பது

வேண்டாம். நாக்குக்கு உறைப்புதான் தெரியும், சாயம் தெரியாது.

பாக்கெட்டில் எண் இருக்கிறதே

அந்த 14 இலக்க FSSAI எண், கடைக்கு உரிமமோ பதிவோ இருப்பதைச் சொல்லும், உள்ளே இருக்கிற பொடியைச் சோதித்ததாகச் சொல்லாது. அதற்குப் பக்கத்தில் ‘தயாரித்தவர்’ என்று இருக்கிறதா, ‘பேக் செய்தவர்’ என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் எங்கே அரைத்தது என்று கேளுங்கள். “அது வேற இடத்துலண்ணே” என்று இழுத்தால் நானாக இருந்தால் வாங்கமாட்டேன். வத்தல் சாக்கைப் பிரித்துக் காட்டி, உங்கள் கண்முன்னே மிஷினில் கொட்டி, அரைத்த தேதியை எழுதி ஒட்டுகிறவரிடம் பத்து ரூபாய் கூடக் கொடுக்கலாம். முண்டு வத்தலா, சம்பா வத்தலா என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

நீங்களே வத்தல் கொண்டுபோய் அரைப்பதானால், முதலில் வருகிற கைப்பிடிப் பொடியைத் தனியாக எடுத்துவிடுங்கள், அதில் முன்னால் அரைத்தவருடைய மாவும் இருக்கும். அப்புறமும் சந்தேகம் என்றால் பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி வாங்குகிறவரே கட்டணம் கட்டிச் சோதிக்கக் கொடுக்கலாம். ஆனால் சோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.